360 டிகிரி காட்சியைச் சாதாரண வீடியோவாக்குவது: கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த ஒரு காட்சியை வைத்துப் படிப்படியாக

360 கேமராவில் எடுத்த காட்சியைத் தட்டையான சாதாரண வீடியோவாக மாற்றும்போது, புதிதாகப் பழகுபவர்களின் வீடியோ பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெடுகிறது. எல்லாப் பக்கமும் பதிவாகியிருக்கிறதே என்று பார்வையை இங்கும் அங்கும் வேகமாகத் திருப்புகிறார்கள். பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. திருப்பும் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது, நான்கே நான்கு கீஃபிரேம்களில், அதாவது எந்த விநாடியில் பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று குறித்து வைக்கும் புள்ளிகளில், ஒரு நல்ல நகர்வை எப்படி அமைப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டு, கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலை விளிம்பை ஒட்டி அமைத்த நடைபாதை. நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் கம்பி வேலியைத் தாண்டிப் பள்ளத்தாக்கு. என் அக்கா மகள் கேமராவைக் கம்பில் மாட்டி, தனக்கு முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடந்தாள். அவள் நடந்த திசையில் பள்ளத்தாக்கு வலப்புறம் இருந்தது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: முதலில் எதிரே நீளும் பாதை, பிறகு வலப்புறம் பள்ளத்தாக்கு, கடைசியில் நடந்து வரும் அவள் முகம். இடையில் வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும்.

படி 1: எடுக்கும்போதே தையலை ஒதுக்குங்கள்

360 கேமராவில் முதுகோடு முதுகாக இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. இரண்டின் படமும் சேரும் தையல், முன் லென்ஸ் பார்க்கும் திசையிலிருந்து சரியாக 90 டிகிரியில், இருபுறமும் விழுகிறது. தொலைவில் இருக்கும் மலைக்கு இதனால் கேடில்லை. ஒரு மீட்டருக்குள் இருக்கும் கம்பி வேலி அந்த இடத்தில் உடைந்து தெரியும்.

நம் காட்சியில் முன் லென்ஸ் பாதையைப் பார்த்தால், வலப்புற வேலி நேராகத் தையலில் விழுகிறது. நாம் அதிக நேரம் பார்க்கப் போவதோ அந்தப் பக்கத்தைத்தான். ஆகவே கம்பின் உச்சியில் கேமராவை 45 டிகிரி வலப்புறம் திருப்பி மாட்டச் சொன்னேன். இப்போது பாதை, பள்ளத்தாக்கு இரண்டும் முன் லென்ஸுக்குள் வருகின்றன, அவள் முகம் பின் லென்ஸுக்குள் வருகிறது. தையல்கள் நாம் நின்று பார்க்காத இரண்டு மூலைகளுக்குப் போய்விட்டன.

படி 2: கிடை மட்டமும் திசையும்

காட்சியை முதலில் கேமரா நிறுவனத்தின் மென்பொருளில் திறந்து, ஆட்டம் நீக்குவதையும் கிடை மட்டத்தை நேராக்குவதையும் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவை 45 டிகிரி திருப்பி மாட்டியிருப்பதால், பாதை இருக்கும் திசையைப் பூஜ்யத் திசையாக வைத்துக்கொள்ளுங்கள். இது முடியாமல் கீஃபிரேமைத் தொட வேண்டாம். ஆடும் படத்தின் மேல் எவ்வளவு மென்மையான நகர்வு வைத்தாலும் ஆட்டம்தான் தெரியும்.

திசையைப் பூட்டும் வசதி ஒன்றும் இருக்கும். கோப்ரோ மென்பொருளில் அதன் பெயர் World Lock. அதைப் போட்டால், கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஒரே திசையில் நிற்கும். நேரான பாதைக்கு இது மிகவும் நல்லது. கம்பு கையில் சுழன்றாலும் படம் சுழலாது. ஆனால் கோக்கர்ஸ் வாக் மலை விளிம்போடு வளைந்து போகிறது. பூட்டு இருந்தால், வளைவு தாண்டியதும் "எதிரே" என்று நாம் வைத்த திசையில் பாதை இருக்காது. அதனால் ஓரளவு நேராகப் போகும் அரை நிமிடப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, பூட்டைப் போட்டேன். வளைவுகள் நிறைந்த பகுதிதான் வேண்டும் என்றால் பூட்டை எடுத்துவிடுங்கள், கம்பை உறுதியாகப் பிடித்து நடக்கச் சொல்லுங்கள்.

படி 3: பார்வைக் கோணத்தை முடிவு செய்யுங்கள்

360 காட்சிக்குள் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று மென்பொருளில் நாம் திருப்புவதுதான் மெய்நிகர் கேமரா. அதற்கு நான்கே எண்கள்தான். இடம் வலம் திரும்புவது Yaw. மேலே கீழே பார்ப்பது Pitch. பக்கவாட்டில் சாய்வது Roll. இதைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். நான்காவது FOV, அதாவது பார்வைக் கோணம். சில மென்பொருள்கள் Pan, Tilt என்று வேறு பெயரில் காட்டும், வேலை ஒன்றுதான்.

5.7K காட்சி என்றால் 5760 பிக்சல்கள் 360 டிகிரிக்கும் பங்காகின்றன. ஒரு டிகிரிக்கு 16 பிக்சல்தான் கிடைக்கும். 1920 பிக்சல் அகலமுள்ள வீடியோவில் 90 டிகிரி கோணத்தைக் காட்டினால், படத்தின் நடுவில் டிகிரிக்கு ஏறத்தாழ 17 பிக்சல் தேவை. கையில் இருப்பதும் தேவைப்படுவதும் கிட்டத்தட்டச் சரியாகிவிடுகின்றன. கோணத்தை 60 ஆகக் குறைத்தால் தேவை 29 ஆக உயர்கிறது, கையில் இருப்பதோ அதே 16. தொலைவில் தெரியும் பெரியகுளம் ஊரை நெருக்கிக் காட்ட ஆசைப்பட்டால் மங்கலான கறைதான் மிஞ்சும். அதற்கு 360 கேமரா ஏற்றதல்ல.

மறுபக்கம் கோணத்தை மிகவும் அகட்டினால் ஓரங்கள் இழுபடும். 90 டிகிரியில் படத்தின் இட வல விளிம்புகளில் இருக்கும் பொருள், நடுவில் இருப்பதைப் போல 2 மடங்கு அகலமாக நீளும். 120 டிகிரியில் அது 4 மடங்கு. விளிம்பில் நிற்கும் மனிதர் முகம் பரந்துபோயிருந்தால் கோணம் அதிகம் என்று அறிந்துகொள்ளலாம். 5.7K காட்சிக்கு 90 டிகிரியைச் சுற்றியே இருங்கள் என்பது என் உறுதியான கருத்து.

கீஃபிரேம் வைக்கும் முன் ஒரே ஒரு பிரேமை எடுத்துப் பார்ப்பது நல்லது. தைத்து முடித்த 360 கோப்பை mp4 ஆக ஏற்றுமதி செய்துகொண்டு, கட்டளை தட்டச்சு செய்து வீடியோவை மாற்றும் மென்பொருளான FFmpeg இருந்தால் இப்படித் தட்டச்சு செய்யலாம்:

```
ffmpeg -ss 14 -i kodai.mp4 -vf "v360=e:flat:h_fov=90:v_fov=58.7:yaw=90:w=1920:h=1080" -frames:v 1 test.png
```

14ஆவது விநாடியில் வலப்புறப் பார்வை ஒரு படமாக வரும். 16:9 வடிவத்துக்கு, 90 டிகிரி அகலத்துடன் சேரும் உயரக் கோணம் 58.7. படத்தை முழு அளவில் திறந்து வேலிக் கம்பியைப் பாருங்கள். கூர்மை போதுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படி 4: வேகத்தைக் கணக்கிடுங்கள்

நிஜக் கேமராவைத் திருப்பும்போது, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் படம் சற்று இழுபட்டுப் பதிகிறது. அந்த இழுபடல்தான் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரிகிறது. மெய்நிகர் கேமரா திரும்பும்போது காட்சி ஏற்கெனவே பதிவாகிவிட்டது. திருப்பத்தால் எந்த இழுபடலும் சேராது. வேகமாகத் திருப்பினால் ஒவ்வொரு பிரேமும் கூர்மையாக நின்று நின்று தாவும். விநாடிக்கு 30 பிரேம் வீடியோவில் 90 டிகிரியை 2 விநாடியில் திருப்பினால், பிரேமுக்குப் பிரேம் படத்தின் நடுப்பகுதி சுமார் 25 பிக்சல் குதிக்கிறது. யூகலிப்டஸ் மரங்களின் தண்டுகள் இரட்டையாகத் தெரிந்து அதிரும். அதுவே வேகம் மிகுந்ததன் அடையாளம்.

ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக 7 விநாடி ஆக வேண்டும் என்பது கேமராக்காரர்களின் பழைய கணக்கு. 90 டிகிரி கோணத்துக்கு அது விநாடிக்கு 13 டிகிரி. மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் நகர்வில் நடுப்பகுதி வேகம், சராசரியைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிடும். ஆகவே 90 டிகிரி திருப்பத்துக்கு 8 விநாடி கொடுத்தேன். சராசரி 11 டிகிரி, உச்சத்தில் 17. பாதை நம்மோடு நகர்ந்துகொண்டிருப்பதால் இந்த உச்சம் கண்ணை உறுத்தவில்லை.

திருப்பும் திசைக்கும் பங்கு இருக்கிறது. முன்னால் நடந்துகொண்டே வலப்பக்கம் பார்க்கும்போது, வேலித் தூண்கள் திரையில் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. அந்த நேரத்தில் பார்வையை முன்னிருந்து பின்னாக, வலப்புறம் வழியாகத் திருப்பினால், நம்மைக் கடந்து போகும் தூணைக் கண்ணால் தொடர்வதைப் போல ஆகிறது. தூண்களின் ஓட்டம் தணிகிறது. பின்னிருந்து முன்னாகத் திருப்பினால் இரண்டு வேகங்களும் கூடிவிடும். அந்தத் திருப்பத்துக்கு இன்னும் நேரம் கொடுங்கள்.

படி 5: நான்கு கீஃபிரேம்கள்

முதல் 4 விநாடி பார்வை பாதையிலேயே நிற்கட்டும். பார்ப்பவர் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொள்ள இந்த நேரம் வேண்டும். 4ஆவது விநாடியில் முதல் கீஃபிரேம்: Yaw 0, Pitch 0. 12ஆவது விநாடியில் இரண்டாவது: Yaw 90, பார்வை 8 டிகிரி கீழே, பள்ளத்தாக்கு தெரியும்படி. 17 வரை அங்கேயே நில்லுங்கள். அதே எண்களோடு மூன்றாவது கீஃபிரேம். 25ஆவது விநாடியில் நான்காவது: Yaw 180, பார்வை 15 டிகிரி கீழே, ஏனெனில் கம்பு அவள் தலைக்கு மேலே இருக்கிறது. பிறகு 4 விநாடி அவள் முகம். FOV முழுவதும் 90. கீழே பார்ப்பதற்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஒருமுறை நகர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பங்கள் இரண்டுக்கும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். Ease In, Ease Out என்று இருக்கும்.

இங்கே இரண்டு தவறுகள் வரும். முதலாவது, நிற்க வேண்டிய 12 முதல் 17 விநாடிக்குள் படம் மெல்ல வலப்புறம் தாண்டிப் போய்த் திரும்பி வரும். கீஃபிரேம்களை மென்பொருள் ஒரே வளைகோடாக இணைத்ததால், கோடு 90ஐத் தாண்டி வளைந்துவிட்டது. அந்த இடைவெளியை மட்டும் Linear என்று மாற்றினால் கோடு தட்டையாகி நின்றுவிடும்.

இரண்டாவது இன்னும் மோசமாகத் தெரியும்: படம் திடீரென்று முழுச் சுற்று சுற்றும். முகம் சரியாக 180இல் இல்லை, சற்றுத் தள்ளி 190இல் இருக்கிறது என்று வையுங்கள். சில மென்பொருள்கள் அதை −170 என்று எழுதிவிடும். இடம் ஒன்றுதான், ஆனால் 90இலிருந்து −170க்குப் போக, கேமரா 100 டிகிரி வலப்புறம் போகாமல் 260 டிகிரி இடப்புறம் சுற்றும். பெட்டியில் 190 என்று நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். ஏற்காவிட்டால், 180க்கு முன்பே முகம் வரும்படி, முழுக் காட்சியின் பூஜ்யத் திசையைச் சற்று நகர்த்தி வையுங்கள்.

படி 6: ஏற்றுமதி

பிரேம் வேகம் எடுத்தது எதுவோ அதுவே இருக்கட்டும். கொடைக்கானல் மூடுபனிக்கு, விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவான பிட்ரேட் குறைவாக இருந்தால் வெள்ளைப் பரப்பு கட்டங்கட்டமாக உடையும்; 1080 வீடியோவுக்கும் தாராளமாகக் கொடுங்கள்.

இதே காட்சியைக் கைபேசிக்காக நிமிர்ந்த வடிவத்தில் வெளியிட நினைத்தால், கீஃபிரேம்களை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். 9:16 வடிவத்தில் உயரம் 90 டிகிரி என்றால் அகலம் 59தான். அதே 7 விநாடிக் கணக்கில் வேகம் விநாடிக்கு 8 டிகிரியாகக் குறைகிறது, 90 டிகிரி திரும்ப 11 விநாடி ஆகும். குறுவீடியோவில் யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். அதில் திருப்பத்தைக் கைவிட்டு, பாதை, பள்ளத்தாக்கு, முகம் என்று மூன்று நிலைப் பார்வைகளாக வெட்டி ஒட்டுவதே நல்லது.