வலிப்பு நிற்கவில்லை, ஸ்கேன் மட்டும் நார்மல்: ஸ்கேன் அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஸ்கேன் படிக்கப் புதிதாக வரும் ரேடியாலஜிஸ்ட்களையும் டெக்னீஷியன்களையும் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் வலிப்பு நோயாளியின் மூளை எம்ஆர்ஐ என்று வந்துவிட்டால், நாங்கள் படித்து வந்த காலத்தில் எங்கள் கூட்டமே செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். நகையைக் கழற்றச் சொல்ல மறப்பது, பெயர் மாற்றிப் பதிவது போன்றவற்றை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் எழுத வந்தது வேறு.

வழக்கமான ஸ்கேனை வைத்து 'நார்மல்' என்று எழுதுவது

இந்த ஒரு தவறு எனக்கு இன்றும் ஆத்திரத்தைக் கிளப்பும். ஒரு வார்த்தைதான், ஆனால் ஒரு குடும்பம் அதை வருடக்கணக்காகக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறது.

ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அம்மாவோடு வந்திருந்தார். இருபத்துச் சொச்சம் வயது. கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும், பார்வை எங்கேயோ குத்திட்டு நிற்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படி. மாத்திரை இரண்டு மாற்றியாயிற்று, மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பையில் ஒரு சிடி ஸ்கேன், ஒரு எம்ஆர்ஐ. இரண்டு ரிப்போர்ட்டிலும் நார்மல். சீட்டில் 'ஃபிட்ஸ்' என்ற ஒரே சொல்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது. அம்மாவை உட்கார வைத்துக் கேட்டேன்.

"வர்றதுக்கு முன்னாடி இவனுக்கே தெரிஞ்சிரும் டாக்டரம்மா. வயித்துலேருந்து ஏதோ மேல ஏறுதுங்குவான். அப்புறம் வாயைச் சப்புவான், இடது கையால சட்டைப் பொத்தானை நோண்டிக்கிட்டே இருப்பான்."

"வலது கை?"

"அது முறுக்கிக்கிட்டு விறைச்சு நிக்கும். தெளிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் பேச்சு வராது. கேக்குறது புரியுற மாதிரி முழிப்பான், பதில் வராது."

"சின்ன வயசுல காய்ச்சலோட வலிப்பு வந்ததா?"

"ரெண்டு வயசுல வந்துச்சு. அரை மணி நேரம் நிக்கவே இல்ல. காரைக்குடிக்குத் தூக்கிட்டு ஓடியாந்தோம்."

இதற்குப் பிறகு எங்கே பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. வயிற்றிலிருந்து ஏறும் உணர்வும் வாய் சப்புவதும் டெம்போரல் லோபின் உட்பக்கத்தைக் காட்டும். வலது கை முறுக்கிக்கொள்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கமான இடதில். வலது கைக்காரருக்கு வலிப்பு முடிந்து பேச்சு வரத் தாமதமானால் அதுவும் இடதையே சொல்கிறது. குழந்தைப் பருவத்தில் நீண்ட நேரம் நிற்காத காய்ச்சல் வலிப்பு என்றால் முதலில் நினைக்க வேண்டியது ஹிப்போகேம்பல் ஸ்க்ளீரோசிஸ். டெம்போரல் லோபின் உட்பக்கத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸில் நரம்பு செல்கள் அழிந்து, அந்த இடம் வடுவாகிச் சுருங்கிப் போவதுதான் அது.

பழைய எம்ஆர்ஐ படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் குறுக்காக எடுத்த 5 மில்லிமீட்டர் வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதம் தேட இது போதும். ஹிப்போகேம்பஸ் நாலைந்து சென்டிமீட்டர் நீளம்தான், தடிமன் ஒரு சென்டிமீட்டர் அளவு. அந்த வெட்டுகளில் அது மூன்று படங்களில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். போதாக்குறைக்கு, 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் திசுவும் பக்கத்திலுள்ள மூளை நீரும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருப்பவை, அவை தெரிய வழியே இல்லை.

வெட்டும் திசை அதைவிட முக்கியம். வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே வளையம் இருப்பதே தெரியாது, குறுக்கே நறுக்கினால்தான் தெரியும். ஹிப்போகேம்பஸும் அப்படித்தான். வழக்கமான குறுக்குப் படம் அதை ஏறக்குறைய நீளவாக்கில் சீவிவிடுகிறது. அதன் நீள அச்சுக்குச் செங்குத்தாக எடுக்கும் கொரோனல் படத்தில்தான் அடுக்கும் உருவமும் பிடிபடும்.

ஆகவே அந்த இளைஞருக்கு எபிலெப்சி புரோட்டோகாலில் மறுபடி எடுத்தோம். 2019-இல் வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேசக் கழகம் பரிந்துரைத்த ஹார்னெஸ் முறையின் சாரம் மூன்றே படங்கள்: 1 மில்லிமீட்டர் கனசதுரமாக முழு மூளைக்கும் ஒரு முப்பரிமாண டி1, அதே அளவில் ஒரு முப்பரிமாண ஃப்ளேர், அப்புறம் ஹிப்போகேம்பஸுக்குச் செங்குத்தாக, இடைவெளி விடாமல், 2 மில்லிமீட்டர் தடிமனில் கொரோனல் டி2. கடைசிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0.4 மில்லிமீட்டர். 1.5 டெஸ்லா மெஷினிலும் செய்யலாம். வழக்கமானதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதனால் நோயாளி அசையாமல் படுக்க வசதி செய்துகொடுப்பதும் வேலையில் சேர்த்திதான்.

கோணம் வைப்பதில் எப்போதும் கோட்டை விடுகிறார்கள். நடுக்கோட்டுப் பக்கவாட்டுப் படத்தில் ஹிப்போகேம்பஸ் தெரியாது. டி1 படத்தை நடுவிலிருந்து காதுப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள், அது நீளமாக, சற்றுச் சாய்ந்து படுத்திருப்பது தெரியும். அந்தச் சாய்வோடு ஒரு கோடு, அதற்கு 90 பாகையில் வெட்டு. மெஷினில் புரோட்டோகால் பெயரைத் தேர்ந்துவிட்டு, கோணத்தைப் போன நோயாளிக்கு வைத்தபடியே விட்டுவிட்டால் பெயர் மட்டும்தான் எபிலெப்சி.

படம் வந்தது. வலது ஹிப்போகேம்பஸின் தலைப்பகுதியில் விரல் மடிப்பு போன்ற மேடு பள்ளங்கள் ஒழுங்காக இருந்தன. இடதில் அவை தட்டையாகிவிட்டன. இடப்பக்கம் சிறுத்திருந்தது, அடுக்குகள் கலைந்து ஒரே நிறமாக இருந்தன, ஃப்ளேரில் வெளுத்துத் தெரிந்தது. அங்கிருந்து கிளம்பும் ஃபோர்னிக்ஸ் நரம்புக்கற்றையும் இடப்பக்கம் மெலிந்திருந்தது. சுருக்கம், வெளுப்பு, அடுக்குக் கலைவு மூன்றும் ஒரே பக்கம், அம்மா சொன்ன கதையும் அதே பக்கம். இனி யோசிக்க ஒன்றும் இல்லை.

இந்த வித்தியாசத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத, மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் குவிய வலிப்பு உள்ளவர்களை வைத்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான எம்ஆர்ஐயைப் பொதுவான ரேடியாலஜிஸ்ட்கள் படித்தபோது கோளாறுகளில் 39 சதவீதம் மட்டுமே பிடிபட்டது. அதே படங்களை வலிப்பு நிபுணர்கள் படித்தபோது 50 சதவீதம். வலிப்புக்கென்றே எடுத்த படத்தை அவர்கள் படித்தபோது 91 சதவீதம். கண்ணும் வேண்டும், படமும் வேண்டும்.

ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்றால், பொருத்தமான இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காதபோது, மூன்றாவது மருந்தில் அது அடங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஹிப்போகேம்பல் ஸ்க்ளீரோசிஸ் என்று தெரிந்தால் அறுவை சிகிச்சை என்ற வழி திறக்கிறது. கனடாவில் டெம்போரல் லோப் வலிப்புள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவிழக்கும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-லிருந்தே இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. எம்ஆர்ஐயை மட்டும் வைத்து யாரும் கத்தியைத் தொடுவதில்லை. வீடியோ ஈஈஜி, நினைவாற்றல் சோதனை எல்லாம் உண்டு, இடப்பக்கம் என்றால் பேச்சும் வார்த்தை நினைவும் பாதிக்குமா என்று கூடுதலாகப் பார்ப்பார்கள். ஆனால் 'நார்மல்' என்ற ரிப்போர்ட் இருந்தால் அந்த வாசலுக்கே யாரும் அனுப்புவதில்லை.

தலை சாய்ந்திருப்பதைக் கவனிக்காமல் ஒப்பிடுவது

இரண்டு பக்கத்து உட்காதும் ஒரே வெட்டில் ஒன்றுபோல் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லையென்றால் ஒரு பக்கம் 'சிறுத்திருப்பது' வெறும் சாய்வாக இருக்கலாம்.

வலிப்பு வந்த கையோடு எடுத்து முடிவு சொல்வது

நீண்ட வலிப்புக்கு அடுத்த சில நாட்களில் ஹிப்போகேம்பஸ் வீங்கி வெளுத்திருக்கும். ஸ்க்ளீரோசிஸில் அது சுருங்கியிருக்கும். வெளுப்பை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டாதீர்கள், வீக்கமாகத் தெரிந்தால் சில மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லி எழுதுங்கள்.

ஒரு சுண்ணாம்புப் புள்ளி கிடைத்ததும் தேடலை நிறுத்துவது

நம் ஊரில் நாடாப்புழு முட்டையால் வரும் மூளைக் கட்டிகள் ஆறி, சுண்ணாம்புப் புள்ளியாக நிற்பது சாதாரணம். அது கண்ணில் பட்டதும் காரணம் கிடைத்தது என்று பலரும் எழுந்துவிடுகிறார்கள். புள்ளியும் ஸ்க்ளீரோசிஸும் ஒரே மூளையில் இருப்பது உண்டு. புள்ளி இருக்கும் இடமும் வலிப்பின் கதையும் பொருந்தவில்லையென்றால் ஹிப்போகேம்பஸை இன்னொரு முறை பாருங்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் தெரியும் என்று நினைப்பது

தெரியாது.

ஃப்ளேரில் லேசாக வெளுத்தாலே ஸ்க்ளீரோசிஸ் என்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு மறுகோடிக்குப் போகும் ஆட்களும் உண்டு. ஹிப்போகேம்பஸ் ஆரோக்கியமான ஆளுக்கும் ஃப்ளேரில் மற்ற இடங்களைவிடச் சற்று வெளுப்பாகவே இருக்கும், 3 டெஸ்லாவில் இன்னும் கூடுதலாக. சுருக்கமும் அடுக்குக் கலைவும் இல்லாத வெறும் வெளுப்பை நம்பக் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே ஹிப்போகேம்பஸ் முழுதாக மடங்காமல் உருண்டையாக நிற்கும், அதையும் நோய் என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொன்று, இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் ஒப்பிட ஆரோக்கியமான பக்கம் இருக்காது. அங்கே கண்ணளவை விட்டுவிட்டு, முப்பரிமாண டி1-ஐ வைத்துக் கன அளவை எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எப்படி எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவது

வலிப்பு என்பது நரம்பு செல்களின் மின்சாரக் கோளாறு. எம்ஆர்ஐ காட்டுவது வடிவத்தை. பரம்பரையாக வரும் பொது வலிப்புகளில் படம் சுத்தமாகவே இருக்கும். டெம்போரல் லோப் வலிப்பிலும் சிலருக்கு எவ்வளவு நல்ல புரோட்டோகாலில் எடுத்தாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் இரண்டு 'நார்மல்' உண்டு, படிக்கிறவருக்கு எது என்று தெரிய வேண்டும். புரோட்டோகாலில் எடுத்திருந்தால், "எபிலெப்சி புரோட்டோகால், ஹிப்போகேம்பஸுக்குச் செங்குத்தான 2 மில்லிமீட்டர் கொரோனல் டி2 பார்க்கப்பட்டது, கோளாறு தெரியவில்லை" என்று எழுதுங்கள். வழக்கமான ஸ்கேன் என்றால், "5 மில்லிமீட்டர் படங்கள், ஹிப்போகேம்பஸைப் பற்றி இதில் முடிவு சொல்ல இயலாது, வலிப்பு தொடர்ந்தால் எபிலெப்சி புரோட்டோகாலில் மறுபடி எடுக்கவும்" என்று எழுதுங்கள். நரம்பியல் மருத்துவர் அதைப் படித்துவிட்டு அடுத்த சீட்டை எழுதுவார்.