வீடியோவை மின்னஞ்சலுக்காகத் துண்டு போடும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் ஒரு வகுப்பின் திரைப்பதிவை மின்னஞ்சலில் அனுப்ப வெட்டிக்கொண்டிருந்தார். சில வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே பிழைகள், அதே வரிசையில்.

25 எம்பி வரம்பு என்றால் 25 எம்பி கோப்பு போகும் என்று நம்புவது

மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமக்க உருவானது. அதனால் இணைப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாறித்தான் பயணம் போகிறது. இதற்குப் பேஸ்64 என்று பெயர். கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கிவிடும். பல சர்வர்கள் வீங்கிய அளவைத்தான் பார்க்கின்றன. எனவே 25 எம்பி வரம்புக்கு 18 எம்பியே உச்சம்.

நேரத்தைச் சமமாகப் பிரித்தால் அளவும் சமமாகும் என்று நினைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். என்னிடம் இருந்தது 60 நிமிடம், 90 எம்பி பதிவு. ஐந்தால் வகுத்தால் துண்டுக்கு 12 நிமிடம், 18 எம்பி. சரி என்று வெட்டி, ஐந்து மின்னஞ்சலாக ஒரு பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். மூன்றாவதும் நான்காவதும் திரும்பி வந்திருந்ததை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். கடைசித் தேதி முந்தைய நாளோடு முடிந்திருந்தது.

துண்டுகளின் உண்மையான அளவு 9, 11, 38, 20, 12 எம்பி. அசையாத ஸ்லைடுக்கு மிகக் குறைந்த தரவு போதும். மூன்றாவது துண்டில் ஆசிரியர் ஒரு சோதனையின் வீடியோவை ஓட்டிக் காட்டியிருந்தார். படம் முழுக்க அசைந்ததால் தரவும் அங்கே குவிந்துவிட்டது. சராசரியைப் பார்த்தால் இது தெரியாது. வெட்டியதும் பெரிய துண்டின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

சமமாக வேண்டியது அளவு என்றால் அளவைச் சொல்லியே வெட்டுங்கள். ஐந்து துண்டு என்றால் இம்மியும் இடமில்லை, ஆறாக வைத்துக்கொள்ளலாம். வீடியோவை வெட்டவும் ஒட்டவும் உதவும் mkvmerge என்ற கருவிக்கான கட்டளை இது:

```
mkvmerge -o vaguppu.mkv --split size:15M pathivu.mp4
```

`vaguppu-001.mkv` என்று தொடங்கி வரிசையாகக் கோப்புகள் வரும். மறுபடி என்கோட் செய்வதில்லை, தரமும் குறையாது. முழுப் படம் உள்ள கீஃபிரேமில்தான் வெட்டும் என்பதால் அளவு சற்றே கூடக்குறைய இருக்கும். 18க்குக் கீழே 15 என்று வைத்தது அதற்காகவும்தான். என் பதிவில் முதல் துண்டு பதினெட்டரை நிமிடம் ஓடியது. சோதனை வரும் ஒரு துண்டு ஐந்து நிமிடம்கூட இல்லை. இரண்டும் ஏறக்குறைய 15 எம்பி.

கோப்பைப் பைட் கணக்கில் அறுப்பது

`split` கட்டளையோ பல பாக ஜிப்போ தரும் துண்டுகள் தனித்தனியே ஓடாது. பெறுபவர் எல்லாவற்றையும் இறக்கி ஒட்டினால்தான் படம் வரும். அப்பாவுக்கு அனுப்பும்போது இதைச் செய்யாதீர்கள்.

சுருக்க ஜிப் செய்வது

வீடியோ ஏற்கெனவே சுருங்கியது. ஒன்றும் குறையாது.

எல்லாத் துண்டையும் ஒரே மின்னஞ்சலில் இணைப்பது

வரம்பு மொத்த மின்னஞ்சலுக்கு.