ஆர்டர் போடாமல் வீட்டுக்கு வரும் பார்சல்: பிரிப்பதற்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும்

கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் அத்தை வீட்டுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு பார்சல்கள் வந்தன. முதலில் வந்ததில் ஒரு பிளாஸ்டிக் சாவிக்கொத்து. அடுத்ததில் பெயர் எதுவும் அச்சிடாத ஒரு சின்னப் பையில் விதைகள். இரண்டையும் வீட்டில் யாரும் ஆர்டர் செய்யவில்லை, யாரும் காசு கேட்கவும் இல்லை. "சும்மாதானே வந்திருக்கு, மாடியில தொட்டி காலியா கிடக்கு, போட்டுப் பாக்கறேன்" என்றார் அத்தை. நல்லவேளை, போடுவதற்கு முன்னால் எனக்கு போன் செய்தார்.

அந்த இரண்டு பார்சல்களையும் வைத்தே இதை விளக்குகிறேன். கடையில் வாங்கும் சாமானுக்கு பில் பார்ப்பவர் யாராக இருந்தாலும் இதைச் செய்ய முடியும்.

யாருக்கு இதில் லாபம்?

இந்த வேலைக்கு 'பிரஷ்ஷிங்' என்று பெயர். ஆன்லைன் தளத்தில் கடை வைத்திருக்கும் ஒரு விற்பனையாளர், தன் பொருளைத் தானே போலிக் கணக்கிலிருந்து வாங்குகிறார். ஒரு பொருளை வாங்கி, அது டெலிவரியும் ஆன கணக்கிலிருந்து வரும் விமர்சனத்துக்குத்தான் பெரிய தளங்கள் 'உறுதி செய்யப்பட்ட கொள்முதல்' என்ற முத்திரையைக் கொடுக்கின்றன. அதனால் உண்மையான ஒரு முகவரிக்கு உண்மையான ஒரு பார்சல் போயாக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தளம் பார்ப்பதில்லை. 'டெலிவரி ஆனது' என்ற பதிவு மட்டும் போதும்.

1,000 ரூபாய் ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கு போடுவோம். விற்பனையாளர் போலிக் கணக்கிலிருந்து 1,000 ரூபாய் கட்டுகிறார். தளம் 15 சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்றால் 150 ரூபாய் போகும். கூரியருக்கு 60, சாவிக்கொத்துக்கு 5. மிச்சப் பணம் அவர் கைக்கே திரும்பிவிடும். ஏறக்குறைய 215 ரூபாயில் ஒரு விற்பனையும் ஐந்து நட்சத்திரமும் கிடைத்துவிடுகின்றன. ஹெட்போனையே அனுப்பினால் செலவு பல மடங்கு ஆகும். சாவிக்கொத்து, விதை, மோதிரம் என்று எடையே இல்லாத பொருள்களாக வருவது இதனால்தான்.

பார்சல் வாசலில் இருக்கும்போது

முதலில், வந்திருப்பது பிரஷ்ஷிங்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டெலிவரி செய்பவர் பணம் கேட்டால் அது வேறு மோசடி. பிரஷ்ஷிங் பார்சலுக்கு அனுப்பியவரே முன்கூட்டி பணம் கட்டியிருப்பார். வீட்டில் எல்லோரையும் கேட்டு, யாரோ ஆர்டர் போட்டிருக்கிறார்கள் என்று உறுதியாகும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், யாரும் போடவில்லை என்றால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். "ஆர்டரை ரத்து செய்யணும், போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்க" என்று யாராவது கூப்பிட்டால் உடனே துண்டித்துவிடுங்கள்.

அத்தை வீட்டில் இந்தப் பேச்சே எழவில்லை. தெரு முனையில் இருக்கும் இஸ்திரி கடையில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நம் பக்கத்தில் இது வழக்கம்தான், ஆனால் இந்த மோசடிக்கு அது வசதியாகப் போய்விடுகிறது. எப்படி என்று லேபிளில் தெரிந்தது.

லேபிளைப் படியுங்கள்

பிரிப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிரித்த பிறகு கவரைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே ஒட்டியிருக்கும் காகிதம்தான் நமக்கு முக்கியம்.

அத்தையின் முதல் பார்சலில் பெயரும் முகவரியும் சரியாக இருந்தன. போன் நம்பர் மட்டும் அவருடையது இல்லை. பிரஷ்ஷிங்கின் மிகத் தெளிவான அடையாளம் இது. போலிக் கணக்கைத் திறந்தவருக்குத் தளத்திலிருந்து வரும் ஓடிபி தேவை, அதனால் தன் கைவசம் இருக்கும் நம்பரைத்தான் கொடுப்பார். டெலிவரி பையன் அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். "வீட்ல இல்ல, பக்கத்துக் கடையில குடுத்துடுங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதை இஸ்திரி கடைக்காரரே என்னிடம் சொன்னார். டெலிவரி ஓடிபி கேட்டிருந்தாலும் அந்த ஆளே போனில் சொல்லியிருப்பார். லேபிளில் உங்கள் நம்பரே இருந்தால் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து ஆர்டர் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து பில்லையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். அத்தையின் பில்லில் 'வயர்லெஸ் ஹெட்போன்' என்று இருந்தது. லேபிளில் எடை 0.05 கிலோ, அதாவது 50 கிராம். தலையில் மாட்டும் ஹெட்போன் எதுவும் பெட்டியோடு சேர்த்து 50 கிராமில் வராது. பொருளின் பெயரும் எடையும் இப்படி ஒட்டாமல் நின்றால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பில்லில் GSTIN என்று 15 எழுத்து கொண்ட ஒரு எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும்: தமிழ்நாட்டுக்கு 33, டெல்லிக்கு 07, குஜராத்துக்கு 24. gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அந்த எண்ணைப் போட்டால், கடை எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். கணக்கு தொடங்க வேண்டியதில்லை. புகாரில் 'யாரோ ஒரு விற்பனையாளர்' என்று எழுதுவதைவிட பதிவுப் பெயரோடு எழுதினால் அதற்குத் தனி வலு உண்டு.

உங்கள் முகவரி எங்கிருந்து போனது?

இதை எல்லோருக்கும் கண்டுபிடிக்க முடியாது. சென்னையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள். ஒரே வீட்டு முகவரியை நாம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதிக் கொடுக்கிறோம். அத்தை வழக்கமாகப் புதிய எண்ணை மட்டும்தான் கொடுப்பார். இரண்டு பார்சல்களிலும் பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தன, தெருப் பெயரில் ஒரே எழுத்துப் பிழையும் இருந்தது. யோசித்துப் பார்த்ததில், போன தீபாவளிக்கு ஒரு கடையில் குலுக்கல் கூப்பன் எழுதியபோது அப்படிக் கொடுத்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கடைதான் கொடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பார்சல்களும் ஒரே பட்டியலிலிருந்து வந்தவை என்பது தெளிவு. இப்போது அத்தை கூப்பன் எதிலும் கதவு எண் எழுதுவதில்லை.

உங்கள் கணக்கைச் சரிபாருங்கள்

நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆன்லைன் தளத்திலும் ஆர்டர் பட்டியலைத் திறந்து, லேபிளில் இருக்கும் ஆர்டர் எண் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். மறைத்து வைத்த ஆர்டர்களுக்குத் தனிப் பகுதி இருந்தால் அதையும் பாருங்கள். ஆர்டர் உங்கள் கணக்கிலேயே இருந்தால் அது பிரஷ்ஷிங்கைவிடப் பெரிய சிக்கல், உங்கள் கணக்குக்குள் வேறு யாரோ நுழைந்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்றச் சாதனங்களிலிருந்து வெளியேறுங்கள், சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். பணமும் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள்.

அத்தையின் கணக்கில் எதுவும் இல்லை. அவருடைய பெயரும் முகவரியும் மட்டுமே வெளியே போயிருந்தன, கார்டு விவரம் போகவில்லை. பில்லில் இருந்த கடைப் பெயரைத் தளத்தில் தேடியபோது அந்த ஹெட்போன் கிடைத்தது. ஒரே வாரத்தில் வரிசையாக ஐந்து நட்சத்திரங்கள், அதற்கு முன் மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. அந்த விமர்சனங்களில் ஒன்று அத்தையின் பெயரில். "சத்தம் சூப்பர், பேட்டரி நிக்குது" என்று அவர் பார்த்தே இராத பொருளைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோதுதான் அத்தைக்குக் கோபம் வந்தது. "என் பேரை நம்பி யாராவது வாங்கிட்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது.

பார்சலுக்குள் 'அனுப்பியவர் யார் என்று தெரிந்துகொள்ள ஸ்கேன் செய்யுங்கள்' என்று கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்ய வேண்டாம். 2025-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையமும் எப்.பி.ஐ.யும் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தன. பணத்தையும் பாஸ்வேர்டையும் பிடுங்கும் தளத்துக்கு அது கொண்டுபோகலாம்.

விதை வந்தால்

இங்கே மட்டும் அவசரமே கூடாது. 2020 ஜூலையில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு இப்படி விதைகள் வந்தன. பல பார்சல்களில் நகை என்று எழுதியிருந்தது. அந்நாட்டு வேளாண் துறை ஆராய்ந்தபோது கடுகு, முட்டைக்கோஸ், புதினா, செம்பருத்தி என்று சாதாரண விதைகளே பெரும்பாலும் இருந்தன, பிரஷ்ஷிங்தான் காரணமாகத் தோன்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது.

சாதாரண விதை என்றால் பயம் எதற்கு? விதையோடு பூஞ்சையும் வைரஸும் வரும். களை விதை கலந்திருந்தால் அது வேறு தொல்லை. காலி மனை எங்கும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம், வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமையோடு நம் நாட்டில் நுழைந்ததாகத்தான் சொல்கிறார்கள். இந்த ஆபத்துக்காகவே, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் பயிர் தனிமைப்படுத்தல் ஆணை சொல்கிறது.

வெளிநாட்டுத் தபால் என்பதை லேபிளே சொல்லிவிடும். CN22 என்ற சுங்கச் சீட்டு ஒட்டியிருக்கும், அதில் பொருள், எடை, மதிப்பு இருக்கும். தபால் எண் 13 எழுத்தில், கடைசி இரண்டும் நாட்டின் குறியாக இருக்கும்: CN என்றால் சீனா, SG என்றால் சிங்கப்பூர். அத்தையின் இரண்டாவது கவரில் பொருள் என்ற இடத்தில் RING என்று இருந்தது. உள்ளே மோதிரம் இல்லை, விதைதான். உள்நாட்டில் விற்கும் நல்ல விதைப் பையில் பயிர், ரகம், முளைப்புத்திறன், சோதித்த தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். இதில் ஒன்றுமே இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். விதைப்பையைப் பிரிக்காமல் கவரோடு ஒரு ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு மூடி, வந்த தேதியை எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். குப்பைத்தொட்டியிலும் உரக்குழியிலும் போடக் கூடாது, குப்பைக் கிடங்கில் முளைக்க அதற்குத் தடை ஒன்றும் இல்லை. கழிவறையில் கொட்டவும் கூடாது. மீனம்பாக்கத்தில் மத்திய அரசின் மண்டலப் பயிர் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது, அங்கே ஒப்படைப்பதுதான் முறை. வடசென்னையிலிருந்து தூரம் என்றால் முதலில் போன் செய்து கேளுங்கள், இல்லாவிட்டால் அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே விதைத்துவிட்டீர்களா? அந்தத் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், அதன் மண்ணை வேறு தொட்டியில் கலக்காதீர்கள். செடி பூப்பதற்குள் வேரோடு பிடுங்கி, மண்ணோடு இரண்டு பையில் கட்டி, அதையும் அங்கேயே ஒப்படையுங்கள்.

புகார்

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஆர்டர் எண், போட்டோ, பில், எடை எல்லாவற்றையும் அனுப்புங்கள். இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: என் பெயரில் வந்த விமர்சனத்தை நீக்க வேண்டும், என் முகவரியில் இருக்கும் போலிக் கணக்கை முடக்க வேண்டும். முதல் பதில் பெரும்பாலும் 'ரிட்டர்ன் போடுங்கள்' என்றுதான் வரும். ஆர்டரே உங்களுடையது இல்லாதபோது ரிட்டர்ன் எப்படிப் போடுவது? அதையே எழுதி, புகார் எண் கேட்டு வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று IS 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அது வந்தபோது கட்டாயமாக்கப்படவில்லை, அதனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஆனால் புகாரில் அதன் பெயரைக் குறிப்பிடுங்கள்.

அத்தையின் பெயரில் இருந்த விமர்சனம் பதினோராம் நாள் எடுக்கப்பட்டது. ஹெட்போன் இன்னும் அங்கேதான் விற்பனையில் இருக்கிறது. மாடித் தொட்டியில் அத்தை இப்போது வெண்டை போட்டிருக்கிறார், விதை தெரிந்த கடையில் பில்லோடு வாங்கியது.