சிசேரியன் தையல்ல சீழ் வந்தா யூகேல யார்கிட்ட போகணும், எப்போ போகணும்

யூகேல சிசேரியன் பண்ணா, எல்லாம் ஒழுங்கா இருந்தா ஒரு நாள் ரெண்டு நாள்லயே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நம்ம ஊர் மாதிரி ரூம் எடுத்து தங்கி, தையல் பிரிச்சுட்டு நிதானமா கிளம்புற கதையெல்லாம் இங்க இல்ல. தையல்ல இன்ஃபெக்ஷன் வந்தா அது பெரும்பாலும் நாலாவது நாளுக்கு மேல, ஒரு வாரம் பத்து நாள் வாக்குலதான் தலைகாட்டும், அதாவது நீங்க வீட்ல குழந்தையும் கையுமா தூக்கமில்லாம இருக்கிற நேரம். மிட்வைஃப் வீட்டுக்கோ கிளினிக்லயோ சில தடவை பார்ப்பாங்க, ஆனா தினமும் இல்ல. அதனால தினமும் பாக்குற வேலை உங்களோடதும் உங்க வீட்டுக்காரரோடதும்தான். ஒரு மாசம் வரைக்கும் இன்ஃபெக்ஷன் வர வாய்ப்பு இருக்கு, பத்து நாள் தாண்டியாச்சுன்னு விட்டுடாதீங்க.

முதல் ரெண்டு மூணு நாள் கொஞ்சம் வீக்கம், தையல் ஓரமா லேசான சிவப்பு, தொட்டா வலி இதெல்லாம் ஆறுறதோட ஒரு பகுதி, பயப்பட வேண்டாம். தண்ணி மாதிரியோ லேசா ரோஸ் கலர்லயோ கொஞ்சமா கசிஞ்சாலும் ஓகே, அது நாளுக்கு நாள் குறையணும். பாக்க வேண்டியது எந்தப் பக்கம் போகுதுன்னுதான்: நேத்தைவிட இன்னைக்கு வலி கம்மியா அதிகமா? நாலாவது அஞ்சாவது நாள் வரைக்கும் குறைஞ்சுட்டு வந்தது திடீர்னு திரும்ப ஏற ஆரம்பிச்சா அது நார்மல் இல்ல.

இங்க குடுக்குற பேப்பர்ல எல்லாம் "சிவந்திருக்கான்னு பாருங்க"ன்னு போட்டிருக்கும். வெள்ளைத் தோலுக்கு அது சரி, நம்ம தோல்ல சிவப்பு பளிச்னு தெரியாது, கருஞ்சிவப்பாவோ ஊதா கலந்த மாதிரியோ, சில பேருக்கு சுத்தி இருக்கிற தோலைவிட கொஞ்சம் கறுத்த மாதிரியோதான் தெரியும். அதனால கண்ணை மட்டும் நம்பாதீங்க. கையைக் கழுவிட்டு புறங்கையை தையலுக்குப் பக்கத்துல வைங்க, அப்புறம் தொடையில வச்சுப் பாருங்க, தையல் பக்கம் தெளிவா சூடா இருக்கா? தோல் மினுமினுப்பா இழுத்த மாதிரி இருக்கா, ஒரு இடம் மட்டும் கெட்டியா கல்லு மாதிரி இருக்கா? வயித்து மடிப்பு தையலை மறைச்சா குனிஞ்சு பாத்து தெரியாது, படுத்துக்கிட்டு வீட்டுக்காரரை தினமும் ஒரே லைட்ல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த இடம் கொஞ்ச நாள் மரத்துப் போயிருக்கும், அதனால வலிக்கலன்னா இன்ஃபெக்ஷன் இல்லன்னு முடிவு பண்ணிடக்கூடாது.

காய்ச்சல் பாக்குறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நேரத்துக்கு நேரம் போட்டுட்டே இருப்பீங்க, அது காய்ச்சலை அமுக்கிடும். அடுத்த மாத்திரை போடுறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வச்சுப் பாத்து எழுதி வைங்க. 38 டிகிரி வந்தா அன்னைக்கே போன் போடணும். மாத்திரை போட்டும் 37.8னு நின்னுட்டு இருந்தா அதையும் அப்படியே சொல்லுங்க.

ஒரு உதாரணம் சொல்றேன், ஈஸ்ட் ஹாம்ல இருக்கிற ஒரு தோழிக்கு நடந்தது. அஞ்சாவது நாள் மிட்வைஃப் பாத்துட்டு நல்லா ஆறுதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஆறாவது நாள் ராத்திரி தையலோட வலது முனை மட்டும் கெட்டியா சூடா இருந்துச்சு, எழுந்து நடந்தா இழுத்துப் பிடிச்சுது. ஊர்லேருந்து வந்திருந்த அவங்க மாமியார் மஞ்சள் வச்சுக் கட்டலாம்னாங்க, நல்லவேளை அவ வைக்கல. அதுக்குப் பதிலா வீட்டுக்காரர் பேனாவால அந்தக் கறுத்த இடத்தைச் சுத்தி கோடு போட்டு, பக்கத்துல மணியும் எழுதினார். காலைல பாத்தா கோட்டைத் தாண்டி ரெண்டு விரல் அகலத்துக்குப் பரவியிருக்கு, உள்ளாடையில மஞ்சளா கெட்டியா ஒரு கறை, கெட்ட வாடை வேற. டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருந்த மெட்டர்னிட்டி ட்ரையாஜ் நம்பருக்குப் போட்டாங்க, உடனே வரச் சொன்னாங்க. அங்க பிபி, பல்ஸ், காய்ச்சல் எல்லாம் பாத்து, சீழ்லேருந்து ஸ்வாப் எடுத்து, அந்த முனையை கொஞ்சமா திறந்து சீழை வெளிய விட்டு டிரெஸ்ஸிங் வச்சு அனுப்பினாங்க, கூடவே ஃப்ளூக்ளாக்ஸசிலின் மாத்திரை. அதை நாளைக்கு நாலு வேளை, வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்லன்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு போடணும், பால் குடுக்கலாம்னும் சொன்னாங்க. பெனிசிலின் அலர்ஜி இருந்தா கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஏன்னா அது பெனிசிலின் வகைதான். ஸ்வாப் ரிசல்ட் வர சில நாள் ஆகும், கிருமிக்கு அந்த மருந்து ஒத்துவரலன்னா போன் பண்ணி மாத்துவாங்க. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு நாள்ல கறுத்த இடம் கோட்டுக்குள்ள சுருங்க ஆரம்பிக்கணும், இல்லன்னா கோர்ஸ் முடியட்டும்னு காத்திருக்காம திரும்பப் போகணும்.

போன் பண்ற வரிசை இதுதான். முதல்ல டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருக்கிற ட்ரையாஜ் அல்லது வார்டு நம்பர், அவங்கதான் உங்க ஆபரேஷன் விவரம் தெரிஞ்சவங்க. கிடைக்கலன்னா மிட்வைஃப், இல்லன்னா ஜிபி. ஜிபில காலைல எட்டு மணிக்கே போன் போட்டு "ஆபரேஷன் காயத்துல சீழ் வருது, இன்னைக்கே பாக்கணும்"னு முதல் வரியிலயே சொல்லுங்க, வெறும் வலிக்குதுன்னு சொன்னா ரெண்டு வாரம் கழிச்சு தேதி தந்துடுவாங்க. ராத்திரியோ வீக்எண்டோ ஆனா 111. இங்கிலீஷ் தடுமாறினா தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு கேளுங்க, காசு கிடையாது. பார்மசிக்குப் போய் ஆன்டிபயாட்டிக் வாங்கிடலாம்னு நினைக்காதீங்க, ஊர்ல மாதிரி சும்மா தர மாட்டாங்க. பெட்டியில கொண்டு வந்த மிச்ச மாத்திரையும் வேண்டாம், ரெண்டு வேளை போட்டா அறிகுறி மங்கும், ஸ்வாப்லயும் கிருமி சரியா வளராம போகலாம், இன்ஃபெக்ஷன் மட்டும் உள்ள இருக்கும். பிரசவத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் மருந்து ப்ரீதான், இங்கிலாந்துல அதுக்கு மெட்டர்னிட்டி எக்ஸெம்ப்ஷன் சர்டிபிகேட் இருக்கணும், மிட்வைஃப் ஏற்கனவே பதிஞ்சிருக்காங்களான்னு கேட்டுக்கோங்க.

போன்ல காத்திருக்கவே கூடாத சில நிலைமை இருக்கு. குளிர் நடுக்கம், மூச்சு வாங்குறது, நெஞ்சு படபடன்னு அடிக்கிறது, பேச்சு குழறுறது, ஒண்ணுக்கே போகாம இருக்கிறது, தையல் பிளந்து உள்ள தெரியுறது, இதுல எது வந்தாலும் 999 அல்லது நேரா ஏ அண்ட் ஈ. அதே மாதிரி வெளிய பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல ஆனா வலி தாங்க முடியல, மணிக்கு மணி பரவுது, தோல் சாம்பலாவோ கறுப்பாவோ மாறுதுன்னாலும் உடனே போங்க, தோலுக்கு அடியில வேகமா பரவுற இன்ஃபெக்ஷன் அப்படித்தான் இருக்கும். தையல் நல்லா இருந்து, அடிவயித்துல வலியும் காய்ச்சலும் கெட்ட வாடையோட உதிரப்போக்கும் இருந்தா அது கர்ப்பப்பை இன்ஃபெக்ஷனா இருக்கலாம், அதுக்கும் அன்னைக்கே ட்ரையாஜ்.

மத்தபடி வீட்ல செய்யறது கொஞ்சம்தான். தினமும் ஷவர்ல தண்ணி மேல ஓடட்டும், தேய்க்காம சுத்தமான டவலால ஒத்தி எடுங்க, மடிப்புக்குள்ள ஈரம் நிக்காம பாத்துக்கோங்க. வயித்தை இறுக்கித் துணி கட்டுறது தையல் ஆறுற வரைக்கும் வேண்டாம், உள்ள வேர்த்து ஊறிடும். சீழை அமுக்கி எடுக்காதீங்க, பவுடர் தூவாதீங்க. சுகர் இருக்கிறவங்க, கர்ப்பத்துல சுகர் வந்தவங்க, உடம்பு கொஞ்சம் பெருசா இருக்கிறவங்களுக்கு இன்ஃபெக்ஷன் வர வாய்ப்பு அதிகம், அவங்க சின்ன சந்தேகம்னாலும் அன்னைக்கே போன் போட்டுடலாம்.