எந்தச் சர்க்யூட்டுக்கு எந்தத் தேற்றம்? ஒரே படத்தை வைத்துப் பார்க்கலாம்

ஓம் விதியும் கிர்க்காஃப் விதிகளும் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட, ஒரு சர்க்யூட் படத்தைப் பார்த்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று தடுமாறுவது உண்டு. எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான். ஆனால் ஒரு வழியில் இரண்டு வரியில் முடிவது இன்னொரு வழியில் அரைப்பக்கம் ஓடும். அதனால் இங்கே ஒரே ஒரு சர்க்யூட்டை எடுத்து, எல்லா முறைகளையும் அதன்மேலேயே போட்டுப் பார்க்கப் போகிறோம். எது எங்கே சுலபம், எது எங்கே காலை வாரும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

```
     R1=6Ω     A     R2=3Ω
  +--/\/\/-----+-----/\/\/--+
  |            |            |
 24V         RL=6Ω         6V
  |            |            |
  +------------+------------+
               G
```

இரண்டு சோர்ஸுக்கும் பிளஸ் முனை மேலே இருக்கிறது. G என்பது கிரவுண்டு. நமக்கு வேண்டியது நடுவில் லோடாக இருக்கும் RL வழியாக ஓடும் மின்னோட்டம், அதாவது IL.

நோடு முறை: பெரும்பாலும் இதில் தொடங்குங்கள்

முதலில் தெரியாத நோடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். இந்தப் படத்தில் கிரவுண்டு பூஜ்யம். இடது மேல்முனை 24 வோல்ட், வலது மேல்முனை 6 வோல்ட், இவை சோர்ஸே சொல்லிவிட்டது. மிச்சம் A மட்டும்தான், ஆக ஒரே ஒரு சமன்பாடு போதும். A-இன் மின்னழுத்தத்தை V என்று வைத்து, A-க்குள் வருவதும் A-இலிருந்து போவதும் சமம் என்று எழுதுவோம்:

```
(24 - V)/6 + (6 - V)/3 = V/6
4 + 2 = V(1/6 + 1/3 + 1/6)
6 = V(2/3)
V = 9 V,  IL = 9/6 = 1.5 A
```

அவ்வளவுதான். இப்போது கிளைகளைப் பாருங்கள். R1 வழியாக A-க்கு வருவது (24 − 9)/6 = 2.5 ஆம்பியர். R2 வழியாக வருவது (6 − 9)/3 = −1 ஆம்பியர். இந்த மைனஸைப் பார்த்ததும் கணக்கு தப்பு என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். A-இல் 9 வோல்ட் இருக்கும்போது 6 வோல்ட் சோர்ஸால் அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ள முடியாது. மின்னோட்டம் எதிர்த்திசையில் அந்தச் சோர்ஸுக்குள்ளேயே போகிறது. அது பேட்டரியாக இருந்தால் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சந்தேகம் இருந்தால் திறனைக் கூட்டிப் பாருங்கள். 24 வோல்ட் சோர்ஸ் தருவது 60 வாட். R1-இல் 37.5, R2-இல் 3, RL-இல் 13.5, 6 வோல்ட் சோர்ஸ் வாங்கிக்கொள்வது 6. கூட்டினால் 60. எந்த முறையில் போட்டாலும் இந்தச் சோதனை செல்லும். குறியில் நடக்கும் தவறுகளை இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மெஷ் முறை: ஜன்னல்கள் குறைவாக இருந்தால்

நோடுகள் நிறைய இருந்து, சர்க்யூட்டில் மூடிய ஜன்னல்கள் குறைவாக இருந்தால் மெஷ் எடுங்கள். ஒயர்கள் ஒன்றை ஒன்று தாண்டாமல் தாளில் வரைய முடிந்த சர்க்யூட்டுக்குத்தான் இது பொருந்தும். நம் படத்தில் இரண்டு ஜன்னல்கள். இரண்டிலும் மின்னோட்டம் கடிகாரத் திசையில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம்:

```
12*I1 - 6*I2 = 24
-6*I1 + 9*I2 = -6
I1 = 2.5 A,  I2 = 1 A
IL = I1 - I2 = 1.5 A
```

அதே விடைதான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு சமன்பாடு. RL இரண்டு ஜன்னலுக்கும் பொதுவானது என்பதால் அதில் ஓடுவது I1 − I2. கடைசியில் இந்தக் கழித்தலை மறந்து 2.5 ஆம்பியரையே லோடு மின்னோட்டமாக எழுதிவிடுவது ரொம்ப சகஜம்.

சூப்பர்பொசிஷன்: எந்த சோர்ஸின் பங்கு எவ்வளவு?

வெறும் விடை மட்டும் வேண்டுமென்றால் எனக்கு இந்த முறை பிடிக்காது, வேலை கூடுதல். "6 வோல்ட் சோர்ஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்பது போன்ற கேள்விக்கும், ஒரு சோர்ஸ் டிசி, இன்னொன்று ஏசி என்று இருக்கும் இடத்துக்கும் இதுதான் சரியான ஆள். ஒவ்வொரு சோர்ஸாக வைத்துக்கொண்டு மற்றதை அணைக்க வேண்டும். வோல்டேஜ் சோர்ஸை அணைப்பது என்றால் அந்த இடத்தில் ஒரு ஒயரைப் போடுவது. கரண்ட் சோர்ஸ் என்றால் அந்த இடத்தைத் திறந்து விடுவது.

24 வோல்ட் மட்டும் இருக்கும்போது 3 ஓமும் 6 ஓமும் இணையாகி 2 ஓம் ஆகும், அப்போது A-இல் 24 × 2/8 = 6 வோல்ட். 6 வோல்ட் மட்டும் இருக்கும்போது இரண்டு 6 ஓம்களும் இணையாகி 3 ஓம், A-இல் 6 × 3/6 = 3 வோல்ட். மொத்தம் 9 வோல்ட், சரி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டலாம், மின்னோட்டத்தைக் கூட்டலாம், திறனை மட்டும் இப்படிக் கூட்டக் கூடாது. தனித்தனியாகப் போட்டால் RL-இல் 36/6 = 6 வாட்டும் 9/6 = 1.5 வாட்டும் வரும், கூட்டினால் 7.5. உண்மையில் அங்கே இருப்பது 81/6 = 13.5 வாட். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வரும் வித்தியாசம் இது. இதே காரணத்தால் டயோடு போல நேர்விகிதத்தில் நடக்காத உறுப்பு உள்ளே இருந்தால் மின்னழுத்தத்தைக்கூட இப்படிக் கூட்ட முடியாது.

தெவெனின்: லோடு மட்டும் மாறிக்கொண்டே இருந்தால்

RL 6 ஓம் என்றால் எவ்வளவு, 1 ஓம் என்றால் எவ்வளவு, 10 ஓம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் நோடு சமன்பாடு எழுதுவது வீண். லோடைத் தவிர மற்ற எல்லாவற்றையும் Vth என்ற ஒரு வோல்டேஜ் சோர்ஸ், அதோடு தொடராக Rth என்ற ஒரு ரெசிஸ்டர் என்று சுருக்கிவிடலாம். லோடு டயோடாக இருந்தாலும் பரவாயில்லை, சுருக்கும் பகுதி மட்டும் நேரியலாக இருந்தால் போதும்.

முதல் படி, RL-ஐக் கழற்றுங்கள். படத்திலிருந்தே அழித்துவிடுங்கள், மனதுக்குள் மட்டும் கழற்றினால் அது எப்படியோ திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது மிச்சம் ஒரே வளையம். அதில் ஓடுவது (24 − 6)/9 = 2 ஆம்பியர், A-இல் இருப்பது 24 − 2 × 6 = 12 வோல்ட். இதுதான் Vth. உங்களுக்கு 9 வோல்ட் வந்திருந்தால் RL-ஐக் கழற்றவே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது படி, இரண்டு சோர்ஸையும் அணைத்துவிட்டு A-இலிருந்து G வரை நடந்து பாருங்கள். R1 வழியாகவும் போகலாம், R2 வழியாகவும் போகலாம். ஆக அவை இணை, Rth = 6 × 3/9 = 2 ஓம். படத்தில் ஒரே கோட்டில் இருப்பதைப் பார்த்துத் தொடர் என்று நினைத்து 9 ஓம் எழுதுபவர்கள் நிறையப் பேர். கோடு எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, லோடு இருந்த இரண்டு முனைகளிலிருந்து மட்டும் பாருங்கள்.

```
IL = 12 / (2 + RL)
RL = 6  ->  1.5 A
RL = 1  ->  4 A
RL = 10 ->  1 A
```

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தச் சுருக்கம் லோடின் பக்கமிருந்து பார்த்தால் மட்டுமே உண்மை. லோடு இல்லாதபோது தெவெனின் படத்தில் மின்னோட்டமே இல்லை, இழப்பும் பூஜ்யம். அசல் சர்க்யூட்டிலோ அந்த 2 ஆம்பியர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, R1-உம் R2-உம் சேர்ந்து 36 வாட்டைச் சூடாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. உள்ளே எவ்வளவு வெப்பம் என்று கேட்டால் அசல் படத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

நார்ட்டன்: தெவெனினைக் கரண்ட் சோர்ஸாக மாற்றி எழுதுவது

லோடு இருந்த இடத்தை ஒயரால் இணைத்துவிட்டு அதில் ஓடுவதைக் கண்டுபிடியுங்கள்: 24/6 + 6/3 = 6 ஆம்பியர். அதோடு இணையாக அதே 2 ஓம். கிளைகள் எல்லாம் இணையாக இருக்கும் இந்த மாதிரிப் படத்தில் இது தெவெனினைவிட வேகம். இன்னொரு உபயோகமும் உண்டு: 6 × 2 = 12, அதாவது Vth. இந்தப் பெருக்கல் பொருந்தவில்லை என்றால் மூன்றில் ஒன்று தப்பு. Rth-ஐ 9 என்று எழுதியிருந்தால் 54 வந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதிகபட்சத் திறன்: RL எவ்வளவு இருக்க வேண்டும்?

லோடில் திறன் உச்சமாக இருக்க RL = Rth. நம் கணக்கில் 2 ஓம் போட்டால் 3 ஆம்பியர், 18 வாட். 1 ஓம் போட்டாலும் 16 வாட், 4 ஓம் போட்டாலும் 16 வாட். உச்சியின் இரு பக்கமும் மெல்லத்தான் இறங்குகிறது, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

இந்தத் தேற்றம் சொல்வது லோடை மாற்றும்போது மட்டும். Rth-ஐ மாற்றும் வசதி உங்களிடம் இருந்தால் அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதே லாபம்; அதைக் கொண்டுபோய் RL-க்குச் சமமாக்க வேண்டாம்.

சார்பு சோர்ஸ் வந்தால்

ஒரு சோர்ஸின் அளவு சர்க்யூட்டின் வேறொரு மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்திருந்தால் அது சார்பு சோர்ஸ். டிரான்சிஸ்டர் மாதிரிகளில் இது தவறாமல் வரும். சூப்பர்பொசிஷனிலும் சரி, Rth கண்டுபிடிக்கும்போதும் சரி, இதை அணைக்கக் கூடாது. அப்புறம் Rth எப்படி? சார்பில்லாத சோர்ஸ்களை மட்டும் அணைத்துவிட்டு, முனையில் 1 ஆம்பியரை நாமே செலுத்தி, எத்தனை வோல்ட் எழுகிறது என்று பார்க்க வேண்டும், அந்த வோல்ட் எண்ணிக்கைதான் ஓம்.

உதாரணத்துக்கு, A-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 6 ஓம் ரெசிஸ்டர் மட்டும் இருக்கிறது, கூடவே V/12 ஆம்பியரை A-க்குள் செலுத்தும் ஒரு சார்பு சோர்ஸ் இருக்கிறது. V என்பது A-இன் மின்னழுத்தமேதான்.

```
1 + V/12 = V/6
V = 12  ->  Rth = 12 Ω
```

சர்க்யூட்டில் இருக்கும் ஒரே ரெசிஸ்டர் 6 ஓம், ஆனால் Rth 12 ஓம். சார்பு சோர்ஸை அணைத்திருந்தால் 6 என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போயிருப்போம். அது V/12-க்குப் பதில் V/3 ஆம்பியர் செலுத்தினால் Rth −6 ஓம் என்றுகூட வரும், அதுவும் சரியான விடைதான்.