போட்டியாளர்களின் பதிவு எண்ணிக்கை: சராசரி வேண்டாம், நடு எண் போதும்

உங்கள் வணிகத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் வாரத்திற்கு எத்தனை பதிவுகள் இடுவது என்று முடிவுசெய்ய, உங்கள் அளவிலான ஐந்து போட்டியாளர்களின் பொதுப் பக்கங்களில் கடந்த எட்டு வாரப் பதிவுகளை எண்ணி, ஒவ்வொருவருக்கும் வார அளவைக் கண்டு, ஐந்தையும் ஏறுவரிசையில் எழுதி நடு எண்ணை எடுங்கள். 2, 3, 3, 4, 14 என்று வந்தால் சராசரி 5.2, நடு எண் 3. அந்தப் பதினான்கு பெரும்பாலும் தள்ளுபடி விற்பனைக் காலத்து வேகம்தான். சராசரியை அது ஏற்றிவிடும், நடு எண்ணை அசைக்காது. பகிர்ந்த பழைய பதிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லோருக்கும் தெரிவதை மட்டும் பாருங்கள். போலிக் கணக்கில் மூடிய குழுவுக்குள் நுழைவது நேர்மையல்ல. எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளலாம், பதிவின் கருத்தை எடுக்கக் கூடாது. ஒரு நாளில் மறையும் பதிவுகளைப் பின்னர் எண்ண முடியாது என்பதால், அவையே அதிகமுள்ள துறையில் இந்தக் கணக்கு பொருந்தாது.