அந்த 60 பேர் யார்? ஹோட்டல் முகாமையாளரின் சி.வி. சுருக்கத்தில் வரும் எண் பிழைகள்

தெரிந்த தம்பி ஒருவர் மாலைதீவு வேலைக்குப் போடவிருந்த சி.வி.யைக் கொண்டுவந்து காட்டினார். யாழ்ப்பாண நகருக்குள் 28 அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் அவர் முகாமையாளர். பெயருக்குக் கீழே ஒரு சுருக்கம் இருந்தது: "60 பேர் கொண்ட அணியை நிர்வகித்தேன். நாளொன்றுக்கு 600 பேருக்கு உணவு பரிமாறினோம். ஒக்கியுபன்சி 95 வீதம். 6 மாதத்தில் கூகுள் மதிப்பீட்டை 3.9 இலிருந்து 4.6 ஆக உயர்த்தினேன்."

ஆள் கெட்டிக்காரர், வேலையும் நன்றாகச் செய்தவர். ஆனால் ஹோட்டலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பொது முகாமையாளர் இதைப் படித்தால் அரை நிமிடத்தில் தூக்கி ஓரமாய் வைத்துவிடுவார். இந்த நான்கு எண்களும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்கின்றன.

முதலில் அந்த 60 பேர். 28 அறை ஹோட்டலுக்கு 60 பேர் என்றால் அறைக்கு இரண்டு ஆளுக்கு மேல். அது சொகுசு ரிசோர்ட்டின் கணக்கு, யாழ்ப்பாண நகர ஹோட்டலின் கணக்கல்ல. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நிரந்தர ஊழியர் 34 பேர். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாள்சம்பளத்துக்கு வருபவர்கள் 12 பேர். பயிற்சிக்கு வந்த மாணவர்கள் 6 பேர். மிச்சம் 8 பேர் வெளி நிறுவனத்தின் காவலாளிகளும் துணி வெளுக்க எடுத்துப்போகிறவர்களும். எல்லாரையும் கூட்டினால் 60 சரிதான்.

"ஆற்ற லீவுக்கு நீர் கையெழுத்துப் போட்டனீர்?" என்றேன்.

"முப்பத்தினாலு பேரின்ரதான் அண்ணை. ஆனா எல்லாரும் இப்பிடித்தானே போடுறவை?"

போடுகிறார்கள்தான். நேர்முகத்தில் "உங்களுக்கு நேரடியாக அறிக்கை தந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டவுடன் தடுமாறுகிறவர்களும் அவர்களேதான். லீவும் டியூட்டி ரோஸ்டரும் யாருடைய கையெழுத்தில் போகின்றனவோ, அவருடைய அணிதான் அது. நிரந்தர ஆட்களைத் தனியாகவும், பருவகால ஆட்களைத் தனியாகவும், தனக்குக் கீழே இருந்த துறைத் தலைவர்களைத் தனியாகவும் சொல்ல வேண்டும். இவருக்கு முன்மேசை, அறைப் பராமரிப்பு, சமையலறை, சேவை, கணக்கு என்று 5 துறைத் தலைவர்கள் இருந்தார்கள். ஐந்து தலைவர்கள் ஊடாக 34 பேரை நடத்தினேன் என்பது வெறும் 60ஐ விடக் கனமான வரி. வேலை எப்படி நடந்தது என்பது அதில் தெரிகிறது.

அடுத்தது 600. உணவகத்தில் 90 இருக்கைகள். 600 பேர் சாப்பிட்டார்கள் என்றால் ஒவ்வொரு இருக்கையிலும் ஆறு, ஏழு பேர் மாறி மாறி உட்கார்ந்திருக்க வேண்டும். காலையிலிருந்து தோசையும் வடையும் போகும் சைவக்கடையில் அது நடக்கும். மெனு பார்த்து, ஓடர் கொடுத்து, நண்டுக் கறிக்குக் காத்திருக்கும் ஏசி உணவகத்தில் நடக்காது. உண்மையில் சாதாரண நாளில் 140 கவர், அதாவது சாப்பிட்டுப் போன ஆட்கள் 140 பேர். 600 என்பது மேல்மாடி மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு. அதையும் இவர்தான் ஒப்பேற்றினார். ஆக இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைகள். பிரித்து எழுதினால் உணவகமும் தெரியும், விருந்தும் தெரியும் என்று வாசிப்பவருக்கு விளங்கும்.

ஒக்கியுபன்சி, அதாவது அறைகள் நிரம்பிய அளவு, 95 வீதம் என்றதும் அதே வியாதிதான். அது திருவிழா மாதத்து எண். வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனம் பள்ளி விடுமுறைக்கு வரும் காலமும் அதுவே என்பதால் யார் நிர்வகித்தாலும் அறைகள் நிரம்பும். (அந்த 25 நாளும் எங்கள் வீடுகள் பலவற்றில் மச்சம் சமைப்பதில்லை, அறை நிரம்பி வழிய, அசைவ உணவகம் காற்று வாங்கும். இது மாலைதீவில் உள்ளவருக்குத் தெரியாது, யாழ்ப்பாணத்தில் உள்ளவருக்குச் சொல்லத் தேவையில்லை.) 28 அறைகள், 365 நாட்கள், ஆக ஆண்டுக்கு 10,220 அறை-இரவுகள். விற்றது சுமார் 5,600. அப்படியென்றால் 55 வீதம். முதலில் எழுதத் தயங்கினார். பருவம் ஏறி இறங்கும் ஊரில் 55 என்பது ஒளிக்க வேண்டிய எண் அல்ல. பக்கத்தில் 95ஐயும் எந்த மாதத்துக்கு என்று சொல்லிப் போட்டுவிட்டால் சரி.

இனி விருந்தினர் திருப்தி. மற்றப் பிழைகள் மிகைப்படுத்தல் என்றால், இது கணக்கிலேயே நடக்க முடியாத விஷயம். அவர் பொறுப்பெடுத்தபோது கூகுளில் 240 விமர்சனங்கள், சராசரி 3.9. ஆறு மாதத்தில் புதிதாக வந்தவை 60. அந்த 60 பேரும் ஐந்து நட்சத்திரமே போட்டிருந்தாலும் மொத்தச் சராசரி 4.12 தான் வரும். 4.6 வர வேண்டுமானால் ஒவ்வொருவரும் ஐந்துக்கு ஏழுக்கு மேல் போட்டிருக்க வேண்டும்!

பொய் சொல்லவில்லை, குழப்பிவிட்டார். 3.9 கூகுள் எண். 4.6 என்பது அறையைக் காலி செய்யும்போது முன்மேசையில் கொடுக்கும் கருத்து அட்டைகளின் சராசரி. முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிற ஆளிடம் எந்த ரிசெப்ஷன் பிள்ளை அட்டையை நீட்டும்? அதனால் அட்டை எண் எப்போதும் கொஞ்சம் உயரமாகவே நிற்கும். ஒரு இடத்தில் எடுத்த முன்-எண்ணை இன்னொரு இடத்துப் பின்-எண்ணோடு ஒப்பிடவே கூடாது. புக்கிங் டொட் கொம் பத்துக்குப் போடுகிறது, கூகுள் ஐந்துக்கு. எந்த எண் எத்தனைக்கு என்று எழுதாமல் விடுவதும் இதே பிழைதான்.

மொத்தச் சராசரி பழைய விமர்சனங்களின் பாரத்தில் மெதுவாகத்தான் அசையும். ஆகவே தன் காலத்தில் வந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அந்த 60ஐயும் உட்கார்ந்து எண்ணினோம்: ஐந்து நட்சத்திரம் 45, நான்கு 7, மூன்று 3, இரண்டு 3, ஒன்று 2. கூட்டினால் 270, சராசரி 4.5. மொத்த மதிப்பீடு 3.9 இலிருந்து 4.0க்குத்தான் ஏறியிருந்தது, ஆனால் அவர் கையில் வந்தபின் விருந்தினர் கொடுத்தது 4.5.

ஏன் ஏறியது என்றும் கேட்டேன், காரணமில்லாத எண் தற்செயல்போல் தெரியும் என்பதால். பழைய முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில் ஏறி விடியப்புறம் வந்து இறங்குகிறவர்களை, அறை பிற்பகல் 2 மணிக்குத்தான் என்று லொபியில் இருத்திவைப்பது. இவர் இரண்டு அறைகளை முகம் கழுவி உடுப்பு மாற்ற ஒதுக்கினார், பெட்டிகளை வாங்கி வைக்கச் சொன்னார், காலைச் சாப்பாட்டை முன்கூட்டியே திறந்தார். இது சி.வி.யில் எங்குமே இல்லை!

கடைசியில் சுருக்கம் இப்படி வந்தது. அனுப்பியது ஆங்கிலத்தில், பொருள் இதுதான்:

"28 அறைகளும் 90 இருக்கை உணவகமும் விருந்து மண்டபமும் கொண்ட யாழ்ப்பாண நகர ஹோட்டலின் முகாமையாளர். ஆண்டு ஒக்கியுபன்சி 55 வீதம், திருவிழா மாதத்தில் 95. ஐந்து துறைத் தலைவர்கள் ஊடாக 34 நிரந்தர ஊழியர். பருவகாலத்தில் மேலும் 12 பேர். உணவகத்தில் நாளுக்குச் சராசரி 140 கவர், மண்டபத்தில் 600 பேர் வரை விருந்து. பொறுப்பெடுத்து அதிகாலை வருகை ஒழுங்கை மாற்றிய ஆறு மாதத்தில் வந்த 60 கூகுள் விமர்சனங்களின் சராசரி 4.5, முன்பு 3.9."

ஹோட்டலின் அளவை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 28 அறை என்று தெரிந்த பிறகுதான் 34 பேர் கூடவா குறைவா என்று யாராலும் சொல்ல முடியும்.

மாத வருமானத்தையும் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது முதலாளியின் கணக்கு. யாழ்ப்பாணத்தில் அது அவர் காதுக்குப் போய்ச் சேர ஒரு நாள் காணும். வேலைக்குச் சேரும் அன்றே கூகுள் பக்கத்தை, விமர்சன எண்ணிக்கையும் திகதியும் தெரிய, ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கும்படியும் சொன்னேன். இந்த முறை 240, 3.9 என்ற பழைய எண்கள் கிடைத்தது, முன்பிருந்த முகாமையாளர் முன்மேசைக் கொப்பியில் எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான்.